தக்கலை வீட்டு முன்னறை: சாய்வு நாற்காலி இருந்த இடத்தில் சோபா

முதல் படம், கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் உள்ள பழைய ஓட்டு வீட்டின் முன்னறை. இரண்டாம் படம், நாகர்கோவில் கடையொன்றில் எடுத்த மூன்று பேர் உட்காரும் தேக்குச் சோபா. முதல் படத்தில் மாஸ்க் தீட்டிய பகுதியில் மட்டும் மாற்றம் வேண்டும்: நீண்ட கைகளும் பிரம்புப் பின்னலும் உள்ள சாய்வு நாற்காலியை முழுவதும் நீக்கிவிட்டு, இரண்டாம் படத்துச் சோபாவை வைக்கவும்.

மாஸ்க்கை நாற்காலியைவிட அகலமாகத் தீட்டியிருக்கிறேன். நாற்காலியின் நிழலும் பளபளப்பான சிவப்புத் தரையில் விழும் அதன் பிம்பமும் சேர்ந்து போக வேண்டும். மாஸ்க் முழுவதையும் சோபாவால் நிரப்ப வேண்டாம். மிஞ்சும் இடத்தில் வெள்ளைச் சுவரும், அதன் அடியில் ஓடும் சிவப்புப் பட்டையும், தரையும் இருபுறமும் உள்ளபடியே விடுபடாமல் தொடரட்டும்.

சோபாவின் நீளம் 6 அடி 6 அங்குலம், ஆழம் 2 அடி 9 அங்குலம், முதுகின் உயரமும் 2 அடி 9 அங்குலம். அதே சுவரில் வலப்பக்கம் தெரியும் கதவு நிலையின் அகலம் 3 அடி 3 அங்குலம். சுவரை ஒட்டி நிற்கும் சோபாவின் முதுகு அதைப்போல் இரண்டு மடங்கு இருக்க வேண்டும். முன்விளிம்பு கேமராவுக்கு அருகில் வருவதால் சற்றுப் பெரிதாகத் தெரியலாம். அம்மாவிடம் காட்டி, வாங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கத்தான் இந்தப் படம். சோபாவைச் சுருக்கி அறையை விசாலமாகக் காட்டினால் இது எதற்கும் உதவாது. நாற்காலி கோணலாகக் கிடக்கிறது. சோபா சுவருக்கு இணையாக நிற்கட்டும்.

இரண்டாம் படத்திலிருந்து எடுக்க வேண்டியவை: முன்பக்கம் உருண்டு வளையும் மரக்கைகள், கீழே குறுகும் கால்கள், முதுகில் உள்ள ஏழு செங்குத்துச் சட்டங்கள், பாசிப்பச்சைத் துணி மெத்தை மூன்று. விலைச்சீட்டு, கையில் சுற்றிய பிளாஸ்டிக் உறை, பின்னால் தெரியும் கட்டில்கள் எதுவும் வேண்டாம்.

கடையின் டியூப்லைட் மினுமினுப்பும் வரக்கூடாது. முன்னறைக்கு வெளிச்சம் இடப்பக்க ஜன்னலிலிருந்து மட்டும் வருகிறது. வெளியே மழை மூட்டம். ஆகவே சோபாவின் இடப்பக்கம் தெளிவாகவும் வலப்பக்கம் மங்கலாகவும் இருக்கட்டும். நிழல் வலப்புறம் சாய்ந்து, விளிம்பு கரைந்திருக்க வேண்டும். கால்கள் தரையைத் தொடும் இடத்தில் மட்டும் நிழல் அடர்த்தியாக வேண்டும், இல்லாவிட்டால் சோபா மிதப்பதுபோல் தெரியும். தரையில் கால்களின் பிம்பம் லேசாக விழட்டும்.

சுவரில் மாட்டியுள்ள தாத்தாவின் படம் மாஸ்க்குக்கு வெளியே இருக்கிறது. அந்த முகத்தில் ஒரு புள்ளிகூட மாறக்கூடாது. மூலையில் நிற்கும் குத்துவிளக்கும் அப்படியே இருக்கட்டும். தலையணை, கம்பளம், பூச்சாடி, ஆட்கள் என்று புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம். படத்தின் அளவும் சட்டகமும் முதல் படத்தைப் போலவே வரட்டும்.