சேர்ந்து சமைப்போமா, அஜின்?

அஜின் மக்கா,

உனக்கு இந்த வாரம் நைட் டூட்டி என்பதால் எழுதியே வைக்கிறேன். சாவகாசமாகப் படி.

ஒரே அடுக்களையில் ரெண்டு குக்கர், ரெண்டு சட்டி, ரெண்டு தேங்காய் முறி. நீ உடைத்ததில் பாதி ஃப்ரிட்ஜில் கிடந்து வழுவழுத்துப் போகிறது, நான் உடைத்ததும் அப்படித்தான். சிலிண்டரும் சீக்கிரம் தீர்கிறது. டூட்டி முடிந்து வந்து சமைக்க முடியாமல் நீ கடைப் பரோட்டாவில் வயிற்றை நிரப்புகிறாய். ஜிம்மில் அவ்வளவு உழைத்துவிட்டு இப்படிச் சாப்பிடுவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதனால் ஒன்றாகச் சமைப்போம் என்கிறேன்.

ஆனால் சட்டியைப் பாதிப் பாதி பிரித்தால் நமக்குச் சரிவராது. உனக்குப் புரதமும் சோறும் கூடுதல் வேண்டும், எனக்கு எடை குறைய வேண்டும். யாருக்கு எவ்வளவு தேவையோ அதை நிறுத்து எடுப்போம். எடுத்த அளவுக்குக் காசு கொடுப்போம்.

சோற்றுக்குக் கணக்கு எளிது. வெறும் பாத்திரத்தின் எடையை அடியில் மார்க்கரால் எழுதி வைத்துவிட்டால் போதும். 300 கிராம் சம்பா அரிசி போட்டால் ஏறக்குறைய 230 கிராம் மாவுச்சத்து. வெந்ததும் சட்டியோடு நிறுத்து, சட்டி எடையைக் கழிக்க வேண்டும். சோறு 800 கிராம் வந்தது என்று வை. நீ 500, நான் 300 எடுத்தால் உனக்கு 144 கிராம் மாவுச்சத்து, எனக்கு 86. நாளைக்குத் தண்ணீர் கூடி 900 வந்தாலும் இதே 5:3தான். ஒவ்வொரு நாளும் வெந்த எடையைப் பார்ப்பது இதற்காகத்தான். கஞ்சித்தண்ணியில் கொஞ்சம் சத்து போகும், அது போகட்டும்.

மீன்கறியில்தான் கவனம் வேண்டும். மொத்தமாக நிறுத்துப் பிரித்தால் ஒருவருக்கு மீனும் இன்னொருவருக்கு வெறும் சாறும் போய்விடும். புரதம் மீனில் இருக்கிறது, கொழுப்பில் பெரும்பங்கு தேங்காய் அரைப்பில். அதனால் துண்டுகளைத் தனியாக அரித்தெடுத்து நிறுப்போம், சாறைத் தனியாக. தலை கிள்ளி, குடல் எடுத்துக் கழுவிய சாளை 500 கிராம் என்றால் சுமார் 100 கிராம் புரதம். மூன்றுக்கு இரண்டு என்று பிரித்தால் உனக்கு 60, எனக்கு 40. அரைப்புக்கு 100 கிராம் தேங்காய்த் துருவல், தாளிக்க ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய் போட்டால் ரெண்டிலுமாக 47 கிராம் கொழுப்பு வரும். சாறு 600 கிராம் இருந்தால் நீ 350, நான் 250. அப்போது உனக்கு 27 கிராம் கொழுப்பு, எனக்கு 20. சாளையின் சொந்தக் கொழுப்பு பருவத்துக்குப் பருவம் மாறும், அதைத் துல்லியமாகப் பிடிக்க முடியாது. மீன் பங்கோடு அதுவும் பிரிந்துவிடும் என்று வைத்துக்கொள்வோம்.

நெய்மீன் வாங்கினால் தலைத்துண்டில் முள்தான் அதிகம். அதை எடையில் சேர்க்க வேண்டாம், மாறி மாறி எடுத்துக்கொள்வோம்.

காசும் இப்படியே. மீன் 200 ரூபாய் என்றால் நீ 120, நான் 80. அரிசி 5:3. கேஸ், எண்ணெய், புளி, மசாலா சரிபாதி. தேங்காயும் சரிபாதிதான், அதற்கெல்லாம் கணக்குப் பார்த்தால் வாழ முடியாது.

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வள்ளத்து மீன் கிடைக்கும், விலை ஏறிவிடும். அந்த ரெண்டு மாசம் முட்டையும் பயறும் கைகொடுக்கும். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், 100 கிராம் சிறுபயறில் 24. மரச்சீனிக்கிழங்கு அவித்தால் அன்று சோற்றைக் குறைத்துக்கொள்வோம், அதில் புரதம் பேருக்குத்தான்.

வடசேரிச் சந்தைக்கு நான் போகிறேன், காலையில் சமைப்பதும் நானே. உன் பங்கை நிறுத்து டப்பாவில் போட்டு, மேலே புரதம், மாவுச்சத்து, கொழுப்பு மூன்றையும் எழுதி ஃப்ரிட்ஜில் வைப்பேன். பாத்திரம் கழுவுவதும் ராத்திரித் தோசையும் உன் பொறுப்பு. நைட் டூட்டி வாரத்தில் தோசையை நான் பார்த்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தராசை எடுக்க வேண்டாம், வேண்டியதைச் சாப்பிடுவோம்.

பங்கு குறைந்ததாகத் தோன்றினால் அன்றைக்கே சொல்லிவிடு, மனசில் வைக்காதே. இப்போது போட்டிருக்கும் 3:2, 5:3 எல்லாம் நானாக வைத்தது. உன் ஜிம் மாஸ்டர் வேறு அளவு சொன்னால் மாற்றிக்கொள்ளலாம்.

சம்மதம் என்றால் திங்கட்கிழமையே தொடங்குவோம். என் தராசில் பேட்டரி தீர்ந்து கிடக்கிறது. வரும்போது சின்ன பென்சில் பேட்டரி ரெண்டு வாங்கிக்கொண்டு வா.

பிரதீப்