மெயின்டனன்ஸ் உயர்வு: பி பிளாக் மூன்றாம் மாடி வீடு

தம்பிக்கு வணக்கம். வீட்டில் எல்லோரும் நலமா? பாப்பாவுக்குப் பள்ளி திறந்திருக்கும். முதல் வாரத்தில் செலவுக் கணக்கோடு எழுதுகிறேனே என்று சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் 10-ஆம் தேதிக்குள் சங்கத்துக்குப் பணம் போக வேண்டும், அதனால் தள்ளிப்போட முடியவில்லை. போனில் சொன்னால் எண்கள் குழம்பிவிடும் என்பதால் இப்படி எழுதி அனுப்புகிறேன்.

நோட்டீஸ் போர்டில் நீங்களே பார்த்திருப்பீர்கள். மே மாதப் பொதுக்குழுவில் மெயின்டனன்ஸைச் சதுர அடிக்கு 3.50 ரூபாயிலிருந்து 4.50 ஆக உயர்த்திவிட்டார்கள். நம் வீடு 1,100 சதுர அடி. இதுவரை 3,850 கட்டிக்கொண்டிருந்தீர்கள், இனி 4,950. மாதம் 1,100 ரூபாய் கூடுதல்.

கூட்டத்துக்கு நான் ஸ்ரீரங்கத்திலிருந்து ராத்திரி ரயில் பிடித்து வந்திருந்தேன். வாடகைக்கு இருப்பவர்களுக்கு அங்கே ஓட்டு இல்லை என்பதால், உங்கள் சார்பிலும் யாராவது கேள்வி கேட்க வேண்டுமே என்று நினைத்தேன். மூன்று மணி நேரம் ஓடியது. அதில் ஒரு மணி நேரம், தரைத்தளத்துக்காரர் லிஃப்டுக்கு ஏன் காசு தர வேண்டும் என்ற பழைய பஞ்சாயத்திலேயே போனது. கடைசியில் வரவு செலவுக் கணக்கை வாங்கிப் பார்த்தேன். உயர்வில் பெரும்பகுதி நியாயமானதுதான் என்று எனக்குப் பட்டது.

பெரிய செலவு தண்ணீர்தான். போர்வெல் தண்ணீர் உப்பு, கோடையில் அதுவும் இறங்கிவிடுகிறது. தினம் ஒரு லாரியாவது வாங்க வேண்டியிருக்கிறது. போன வருஷம் ஒரு லோடு 1,200-க்கு வந்தது, இப்போது 1,500 கேட்கிறார்கள். அதில் மட்டும் மாதம் 9,000 ஏறிவிட்டது. செக்யூரிட்டி ஏஜென்சி ஒரு ஆளுக்கு 3,000 கூட்டியிருக்கிறது. பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர், ஆக 6,000. பெருக்கித் துடைக்க வரும் அம்மாவின் சம்பளத்தையும் கூட்டியிருக்கிறார்கள். அதில் எனக்கு ஆட்சேபமே இல்லை, நாலு வருஷமாகக் கூட்டவே இல்லையாம்!

அப்புறம் கரண்ட் பில். மாடிப்படி விளக்கு, மோட்டார், லிஃப்ட் எல்லாம் ஓடுகிற பொது மீட்டரை 2022 செப்டம்பரில் தனிப் பிரிவாக்கி யூனிட்டுக்கு 8 ரூபாய் ஆக்கினார்கள். அதற்குப் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்கிறது. 2023-ல் அரசு அதை 5.50 ஆகக் குறைத்ததே என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அந்தச் சலுகை லிஃப்ட் இல்லாத, மூன்று மாடிக்குள், பத்து வீட்டுக்குள் இருக்கும் கட்டடங்களுக்குத்தான். நம்முடையதில் 36 வீடு, லிஃப்டும் இருக்கிறது. அதனால் நமக்குக் கிடையாது.

லிஃப்ட் என்றதும் நீங்கள் ஏப்ரலில் அனுப்பிய மெசேஜ் நினைவுக்கு வருகிறது. குழந்தையையும் கேஸ் சிலிண்டரையும் பத்து நாள் படியில் தூக்கிக்கொண்டு ஏறியதாக எழுதியிருந்தீர்கள். காசு வாங்கிக்கொண்டு அப்படி விட்டது தப்பு என்று கூட்டத்திலேயே சொன்னேன். பராமரிப்பு ஒப்பந்தத்தை இப்போது வேறு ஆளுக்கு மாற்றியிருக்கிறார்கள், அதற்கும் கொஞ்சம் கூடுதல் ஆகிறது. ஜிஎஸ்டி வருமோ என்று பயப்பட வேண்டாம். ஒரு வீட்டுக்கு மாதம் 7,500-ஐத் தாண்டினால்தான் அந்தப் பேச்சே வரும்.

சரி, இதை யார் எவ்வளவு தருவது? நம் ஒப்பந்தத்தில் ‘மெயின்டனன்ஸ் 3,850 ரூபாயை வாடகைதாரர் செலுத்த வேண்டும்’ என்று மட்டும்தான் இருக்கிறது. உயர்ந்தால் யார் பொறுப்பு என்று ஒரு வரிகூட இல்லை. எழுதும்போது எனக்குத் தோன்றவில்லை, என் கவனக்குறைவுதான். ஆகவே ‘ஒப்பந்தப்படி நீங்கள்தான் தர வேண்டும்’ என்று நான் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

அந்த ஒரு ரூபாய் உயர்வில் 65 காசு அன்றாடச் செலவுக்கு, 35 காசு கார்பஸ் நிதிக்கு. கட்டடத்துக்கு 12 வயது ஆகிவிட்டது. வெளிப்பூச்சு, மொட்டை மாடிக் கசிவு, லிஃப்ட் கயிறு எல்லாம் வரிசையில் நிற்கின்றன. அவை என் சொத்தைக் காப்பாற்றும் செலவு. நீங்கள் நாளைக்கே வேறு ஊர் போனாலும் அதன் பலன் எனக்குத்தான். எனவே அந்த 385 ரூபாயை நானே தருகிறேன், அதில் பேச்சே வேண்டாம். தண்ணீர், காவல், துப்புரவு, கரண்ட் ஆகியவை அங்கே குடியிருப்பவர்கள் அனுபவிப்பவை. அந்த 715 ரூபாயைத்தான் நாம் பேச வேண்டும்.

எனக்கு இரண்டு வழி தோன்றுகிறது. ஒன்று, 715-ஐ இந்த ஜூன் மாதத்திலிருந்தே நீங்கள் ஏற்றுக்கொள்வது. அதாவது சங்கத்துக்கு 4,565 கட்டுவீர்கள். அப்படியானால் டிசம்பரில் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது 5 சதவீதம், அதாவது 1,100 ரூபாய், வாடகை உயர்த்துவதாக இருந்ததை 600 ஆகக் குறைத்துக்கொள்கிறேன். 22,000 வாடகை 22,600 ஆகும், அவ்வளவுதான்.

இன்னொன்று, நவம்பர் வரை 715-ஐ ஏறக்குறைய பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வது. உங்கள் பங்கு 350, என் பங்கு 365. நீங்கள் 4,200 கட்டினால் போதும். ஆனால் டிசம்பரிலிருந்து முழு 715-ம் உங்களுடையது, வாடகையும் பேசியபடி 23,100.

கணக்குப் போட்டுப் பார்த்தால் முதல் வழிதான் உங்களுக்கு லாபம். இப்போது ஆறு மாதத்தில் 2,190 ரூபாய் கூடுதலாகத் தருவீர்கள், டிசம்பருக்குப் பிறகு 11 மாதத்தில் 5,500 மிச்சமாகும். இருந்தாலும் ஜூன் மாதம் பள்ளிக் கட்டணம் கையைக் கடிக்கும் என்று எனக்குத் தெரியும், இரண்டாவது வழியைச் சொன்னதே அதனால்தான். இவன் ஏன் இறங்கி வருகிறான் என்று நினைப்பீர்கள். நீங்கள் காலி செய்தால் ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடக்கும், புரோக்கருக்கு ஒரு மாத வாடகை போகும். வீட்டைச் சொந்த வீடுபோல வைத்திருக்கும் குடும்பம் மறுபடி கிடைக்கும் என்பதும் நிச்சயமில்லை.

எந்த வழியானாலும் வாடகையிலிருந்து எதையும் கழிக்க வேண்டாம். வாடகை எனக்கு முழுதாக வரட்டும், அப்போதுதான் ஆபீசில் எச்ஆர்ஏ-வுக்குக் கொடுக்கும் ரசீது சரியாக இருக்கும். மெயின்டனன்ஸ் அந்த ரசீதில் சேராது. என் பங்கை நானே சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிடுகிறேன். இரண்டு பேரிடமிருந்து வந்தாலும் ஒரே ரசீதாகத் தருவதாகப் பொருளாளர் சொல்லியிருக்கிறார்.

இன்னொரு விஷயம். உயர்வு ஏப்ரல் முதலே என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள். ஏப்ரல், மே பாக்கி 2,200-ஐ நான் கட்டிவிட்டேன், அதை உங்களிடம் கேட்கவில்லை. முன்கூட்டித் தெரியாத செலவுக்கு உங்களைப் பொறுப்பாக்குவது சரியில்லை.

இந்த இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் உங்களுக்குத் தோன்றுவதைத் தயங்காமல் சொல்லுங்கள். வீட்டில் கலந்து பேசிவிட்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு வரி எழுதினால் போதும். 10-ஆம் தேதி தாண்டினால் 100 ரூபாய் அபராதமாம், அதை எதற்குத் தண்டமாகக் கொடுக்க வேண்டும்? முடிவானதும் ஒப்பந்தத்தோடு இணைக்க ஒரு பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். சங்கத்தின் சுற்றறிக்கையையும் செலவுக் கணக்கையும் போட்டோ எடுத்து இதோடு வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

சமையலறைக் குழாய்க் கசிவு நின்றதா? பிளம்பர் வந்து போனதாகச் சொன்னார், நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே.

அன்புடன்,
ஸ்ரீரங்கத்திலிருந்து அங்கிள்