ஆறு குடியிருப்புகளுக்கான குடிநீர்க் குழாய்த் திட்டம்: சாத்தியக்கூறு ஆய்வுச் சுருக்கம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆற்றுப்படுகையில் நீர் உறிஞ்சு கிணறு அமைத்து, 11.4 கி.மீ. குழாய் வழியாக ஆறு குடியிருப்புகளுக்கும் தண்ணீர் கொண்டுவர முடியும். மொத்தச் செலவு ரூ. 5.73 கோடியிலிருந்து ரூ. 8.12 கோடிக்குள் அடங்கும். ஆனால் கோடையில் ஒருமுறை கிணற்றைச் சோதித்துப் பார்க்காமல் குழாய்க்கு ஆர்டர் போடக் கூடாது. குழாய் பதிப்பது தெரிந்த வேலை. தண்ணீர் இருக்குமா என்பதுதான் இன்னும் பதில் கிடைக்காத கேள்வி.

இப்போதைய நிலை

ஆறு குடியிருப்புகளிலும் சேர்த்து 1,850 வீடுகள், சுமார் 7,400 பேர். எல்லோரும் ஆழ்துளைக் கிணறுகளையே நம்பியிருக்கிறார்கள். மொத்தம் 14 கிணறுகளில் 5 கோடையில் காற்றைத்தான் இறைக்கின்றன. கிழக்குப் பக்கத்து இரண்டு குடியிருப்புகளில் ஃபுளோரைடு லிட்டருக்கு 2.4 மில்லிகிராம் வரை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 1.5. கொதிக்க வைத்தாலும் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடத்தான் செய்யும். அங்கே பல வீடுகளில் குடிதண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கிறார்கள் என்பதால் இதை இங்கே குறிப்பிட வேண்டியிருக்கிறது.

எவ்வளவு தண்ணீர் வேண்டும்

ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று வைத்துக்கொண்டோம். முப்பது ஆண்டில் மக்கள்தொகை 10,000 ஆகும், கசிவில் 15 சதவீதம் போகும் என்ற கணக்கில் நாளொன்றுக்கு 6.5 லட்சம் லிட்டர் தேவை. 12 மணி நேரம் இறைத்தால் நொடிக்கு 15 லிட்டர். இன்றைய மக்கள்தொகைக்கு ஒன்பது மணி நேரம் ஓடினாலே போதும்.

பார்த்த மூன்று வழிகள்

இருக்கும் கிணறுகளோடு ஃபுளோரைடு நீக்கும் நிலையம் கட்டுவது முதல் வழி. கட்ட ரூ. 2.2 முதல் 3 கோடிதான் ஆகும், ஆனால் ஆண்டுக்கு ரூ. 28 முதல் 36 லட்சம் ஓட்டச் செலவு. அதோடு, வற்றும் கிணறு வற்றத்தான் செய்யும். 26 கி.மீ. தள்ளியுள்ள கூட்டுக் குடிநீர்த் திட்டத்தோடு இணைவது இரண்டாவது வழி. ரூ. 11 முதல் 14 கோடி செலவழித்து அந்தத் திட்டத்தின் கடைக்கோடியில் உட்கார வேண்டும். கடைக்கோடிக்கு எந்த நாளில் எவ்வளவு தண்ணீர் வரும் என்பது கடைக்கோடியில் இருப்பவர்களுக்குத் தெரியும். மூன்றாவது ஆற்றுப்படுகை. இதையே பரிந்துரைக்கிறோம்.

குழாய்

கிணற்றுக்கும் மேட்டுத் தொட்டிக்கும் 46 மீட்டர் உயர வித்தியாசம். 200 மி.மீ. எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் குழாயில் உராய்வுக்கு 26 மீட்டர், வளைவு, வால்வுகளுக்கு 4 மீட்டர் சேர்த்து மொத்தம் 76 மீட்டர் உயரத்துக்கு இறைக்க வேண்டும். 10 கிலோ அழுத்தக் குழாய் 100 மீட்டர் தாங்கும் என்பதால் முதல் பார்வைக்குப் போதும் போலத் தெரியும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், ஓட்டம் சட்டென்று தடைபட்டு எழும் அழுத்த அதிர்ச்சியான நீரடி மேலும் 19 மீட்டர் கூட்டும். மிஞ்சுவது 5 மீட்டர் மட்டுமே. ஆகவே முதல் 3 கி.மீ.க்கு 12.5 கிலோ குழாய் போடச் சொல்லியிருக்கிறோம்.

அதைவிடக் கவனிக்க வேண்டியது 7.3-ஆவது கி.மீ.யில் வரும் மேடு. அங்கே குழாய்க்குள் சாதாரணமாக 12 மீட்டர் அழுத்தம்தான் இருக்கும். பம்பு திடீரென்று நின்றால் அது பூஜ்ஜியத்துக்கும் கீழே போய், குழாய் உள்ளே உறிஞ்ச ஆரம்பிக்கும். பக்கத்தில் சாக்கடையும் எருக்குழியும் இருக்கின்றன; ஒரு இணைப்பு லேசாகக் கசிந்தாலும் அந்த அழுக்கு குடிநீரில் கலக்கும். காற்றை உள்ளே விட்டு இந்த உறிஞ்சலைத் தடுக்க, இந்த இடத்தில் இரட்டைத் துளைக் காற்று வால்வு கட்டாயம் வேண்டும். செலவைக் குறைக்கும்போது முதலில் வெட்டப்படுவது இந்த மாதிரி வால்வுகள்தான் என்பதால் தனியாக எழுதுகிறோம்.

செலவு (ரூபாய் லட்சத்தில்)

- உறிஞ்சு கிணறு, பம்பு அறை: 55 – 85
- பம்பு, மின் பலகை, மின் இணைப்பு: 30 – 42
- பிரதானக் குழாய், 11.4 கி.மீ.: 210 – 275
- மேட்டுத் தொட்டி (3 லட்சம் லிட்டர்), குளோரின் அமைப்பு: 38 – 50
- தெருக் குழாய்கள், வீட்டு இணைப்புகள்: 160 – 215
- பாறை உடைப்பு, சாலைக் குறுக்கீடுகள்: 25 – 60
- அளவீடு, மேற்பார்வை, எதிர்பாராச் செலவு: 55 – 85

வீட்டுக்குக் கணக்கிட்டால் ரூ. 31,000 முதல் 44,000. மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் நடுவே இவ்வளவு இடைவெளி ஏன் என்று கேட்கலாம். பெருமளவு குழாய் விலைதான், எச்.டி.பி.இ. விலை கச்சா எண்ணெயோடு ஏறி இறங்கும். சதவீதக் கணக்கில் அதிகம் ஆடுவது பாறை. 4-ஆவது கி.மீ.யில் 200 மீட்டர் நீளத்துக்குப் பாறை வெளியே தெரிகிறது. மண்ணுக்குள் அது எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பது குழி தோண்டிப் பார்த்தால்தான் தெரியும். இதுவரை எட்டுக் குழிகள்தான் போட்டிருக்கிறோம்.

ஓட்டச் செலவு ஆண்டுக்கு ரூ. 15 முதல் 20 லட்சம். இதில் பெரும்பங்கு நான்கு பணியாளர்களின் சம்பளம், அப்புறம் பழுது, மின்சாரம். வீட்டுக்கு மாதம் ரூ. 70 முதல் 90 வரை வசூலானால் திட்டம் தன் காலில் நிற்கும்.

முக்கிய ஆபத்துகள்

பெரிய ஆபத்து கிணறுதான். சோதனைக் கிணற்றில் 48 மணி நேரம், மணிக்கு 40 கன மீட்டர் வீதம் இறைத்துப் பார்த்தோம். நீர்மட்டம் 1.6 மீட்டர் இறங்கி அங்கேயே நின்றது. நல்ல விளைச்சல்தான். ஆனால் அப்போது ஆற்றில் முழங்காலளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மணல் 5.5 மீட்டர் ஆழம்தான், அதன்கீழே களிமண். கோடையில் நீர்மட்டம் இரண்டு மீட்டராவது இறங்கும் என்று கரையோர விவசாயிகள் சொல்கிறார்கள். அப்படியானால் மிஞ்சுவது மூன்றரை மீட்டர் ஈர மணல். அதிலிருந்து மணிக்கு 54 கன மீட்டர் வருமா என்பதை இந்தச் சோதனையை வைத்துச் சொல்ல முடியாது. கிணற்றுக்கு மேலே அரை கி.மீ.யில் ஒன்பது பாசன மோட்டார்களும் ஓடுகின்றன. மணல் அள்ளுவது தொடர்ந்தால் இந்தக் கணக்குகள் எதுவுமே நிற்காது.

அடுத்தது நிலம். குழாய் வழியில் 1.8 கி.மீ. பட்டா நிலம். 23 உரிமையாளர்களில் 19 பேர் வாய்மொழியாகச் சம்மதித்திருக்கிறார்கள், எழுத்தில் ஒருவரும் தரவில்லை.

பணம் வசூலாகாவிட்டால் முதலில் நிற்பது பழுது வேலை, பிறகு குளோரின். தண்ணீர் மட்டும் வந்துகொண்டிருக்கும். அதனால் யாரும் கவனிக்கமாட்டார்கள். கடைசி வீட்டுக் குழாயில் மீதக் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை சோதிக்கும் பொறுப்பை ஒருவர் பெயரில் எழுதிவைக்க வேண்டும்.

அடுத்து செய்ய வேண்டியது

முதல் கட்டமாக ரூ. 14 லட்சம் மட்டும் ஒதுக்கக் கேட்கிறோம். இது மேலே உள்ள கடைசி இனத்தில் அடங்கியதே. ஆற்றில் ஓட்டம் நின்று ஆறு வாரம் கழித்து 72 மணி நேர இறைப்புச் சோதனை, பாறைப் பகுதியில் மேலும் 20 குழிகள், நில உரிமையாளர்களின் எழுத்துப்பூர்வச் சம்மதம் ஆகியவை இதில் அடங்கும். சோதனையில் மணிக்கு 54 கன மீட்டர் கிடைத்தால் முழுத் திட்டத்துக்கும் போகலாம். 40-க்கு மேல் கிடைத்தால் இரண்டாவது கிணற்றுக்கு ரூ. 40 முதல் 60 லட்சம் கூடுதலாக வேண்டும். 40-க்கும் கீழே போனால் இந்த இடத்தைக் கைவிட்டு, கூட்டுத் திட்டத்தோடு பேச்சைத் தொடங்க வேண்டியதுதான்.