வாடகை உயர்வு, லாக்-இன் கோரிக்கை: என் பதில்

ஐயா, வணக்கம்.

அடுத்த மாதம் முதல் 40 சதவீதம் கூடுதல் வாடகை, மூன்று வருடம் காலி செய்யமாட்டேன் என்று எழுத்து. உங்கள் கடிதத்தைப் படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. ஒருநாள்கூட வாடகை தாமதித்ததில்லை நான்.

நம் ஐந்து வருட ஒப்பந்தத்தில் இன்னும் 22 மாதம் இருக்கிறது. 4-வது ஷரத்துப்படி வருடத்துக்கு 5 சதவீதம்தான் உயர்வு. இந்த வருட உயர்வையும் சேர்த்தே கட்டி வருகிறேன், ரசீதுகள் இருக்கின்றன.

லாக்-இன் 9-வது ஷரத்தில் இருக்கிறது. 24 மாதம் என்று டைப் அடித்திருந்ததை நீங்களே பேனாவால் அடித்து 12 என்று எழுதினீர்கள். பக்கத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டோம். அந்த 12 மாதம் எப்போதோ முடிந்துவிட்டது. இப்போது மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து நான் காலி செய்யலாம். வாடகை பாக்கி இல்லாதவரை, காலம் முடியும் முன் என்னைக் காலி செய்யச் சொல்ல ஒப்பந்தத்தில் இடமில்லை.

இருவரும் எழுத்தில் சம்மதிக்காமல் எதையும் மாற்ற முடியாது என்கிறது 15-வது ஷரத்து. இரண்டு கோரிக்கைக்கும் எனக்குச் சம்மதமில்லை. வழக்கமான வாடகையை 5-ஆம் தேதி உங்கள் வங்கிக் கணக்கில் போட்டுவிடுவேன்.

புது ஒப்பந்தம் பற்றி, காலம் முடிய ஆறு மாதம் இருக்கும்போது உட்கார்ந்து பேசலாம். அதற்கு நான் தயார். அதுவரை எதுவானாலும் எழுத்திலேயே தெரிவியுங்கள். ஒப்பந்த நகலை இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தரைத்தளக் கடை வாடகைதாரர்