வால் வச்ச காத்தாடி

தேவனாம்பட்டினம் பீச்சுல அன்னைக்கு செம காத்து, கதிரோட காத்தாடி நேரா போய் சவுக்கு மரத்துல மாட்டி டர்ருனு கிழிஞ்சு நடுக்குச்சியும் ஒடிஞ்சு போச்சு. தம்பி முத்து ஓன்னு அழ ஆரம்பிச்சிட்டான்.

"அழாதடா. வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட கொஞ்சம் சோறு வாங்கு, ஒட்டிடலாம்."

கதிர் தொடப்பத்துல இருந்து நல்ல ஈர்க்குச்சியா ஒண்ணு உருவி, ஒடிஞ்ச இடத்துல சேத்து வச்சு நூலால இறுக்கி சுத்துனான், முத்து முடிச்சு மேல வெரல வச்சி அமுக்கிக்கிட்டான். அப்புறம் சோத்த மசிச்சு, கிழிஞ்ச எடத்துல பேப்பர் ஒட்டுனாங்க. (பாதி சோறு முத்து வாய்க்குள்ள போயிடுச்சு, அது வேற கதை!)

காஞ்சதும் சூத்திரம் கட்டி பறக்க விட்டா, காத்தாடி ஒட்டுன பக்கமே சாயுது. அந்தப் பக்கம் வெயிட்டு ஜாஸ்தி!

"ண்ணா, வால் வச்சா?"

அம்மாவோட பழைய புடவையில ஒரு நீளத் துண்டு கிழிச்சு கட்டுனாங்க. ஜிவ்வுனு ஏறுச்சு பாருங்க!

"ண்ணா, நூல என்கிட்ட குடு!"

"இருடா கொஞ்சம்."

"வால் யாரோட ஐடியா?"

கதிர் சிரிச்சிக்கிட்டே நூல்கண்ட நீட்டுனான்.