ஆடி 18 நகை விற்பனை: போன நோட்டீஸைத் திருத்தி எழுதியிருக்கிறோம்

கோபி, நம்பியூர், கவுந்தப்பாடி, அந்தியூர், சத்தியமங்கலம் சுற்று வட்டார மக்களுக்கு, கோபி கடைவீதி நகைக்கடையிலிருந்து வணக்கம்ங்க.

சித்திரையில் அட்சய திருதியைக்கு நாங்கள் கொடுத்த நோட்டீஸில் பெரிய எழுத்தில் நாலு வரி இருந்தது. ‘916 கேடிஎம் தங்கம்’, ‘செய்கூலி இல்லை’, ‘சேதாரம் 3% முதல்’, ‘பழைய நகைக்கு 100% மதிப்பு’. அதை நாலாக மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு அம்மா மகளோடு வந்தார். மகள் கல்யாணத்துக்கு 5 பவுனில் ஆரம். பில் போட்டதும் நோட்டீஸை விரித்து, “செய்கூலி இல்லைன்னு போட்டிருக்குது, இந்த 18 சதம் என்னங்க?” என்று கேட்டார். சேதாரம் என்றோம். “3 சதம்னு போட்டிருக்குதே?” அந்த 3 சதம் இரண்டு மாடல் மெல்லிய மோதிரத்துக்கு மட்டும்தான். அதை அவரிடம் சொல்லும்போதே எங்களுக்குக் கூசியது. அவர் நகை எடுக்காமல் போய்விட்டார். அவர் செய்தது சரி. அதனால் இந்த ஆடிப்பெருக்குக்கு அந்த நாலு வரியையும் எடுத்துவிட்டு, கடையில் உள்ளதை உள்ளபடி எழுதுகிறோம்.

தங்கத்தின் சுத்தம்

நாங்கள் விற்கும் தங்க நகை 22 காரட். அதாவது 1000 பங்கில் 916 பங்கு தங்கம், மீதி செம்பு, வெள்ளி போன்ற கலப்பு. கல் பதித்த சில மோதிரம், தோடு மட்டும் 18 காரட், அதில் 750 பங்கு தங்கம். 18 காரட் நகைகள் தனித் தட்டில் இருக்கும். அவற்றுக்கு 18 காரட் விலைதான் போடுவோம்.

கேடிஎம் என்ற சொல்லை இனி எங்கள் கடையில் பார்க்க மாட்டீர்கள். அது காட்மியம் வைத்துப் பற்றவைக்கும் முறையின் பெயர், சுத்தத்தின் பெயர் அல்ல. அந்தப் புகை பட்டறையில் வேலை செய்கிறவர்களின் உடம்பைக் கெடுக்கும்.

நகையில் மூன்று முத்திரை இருக்கும்: மத்திய அரசின் தர அமைப்பான பிஐஎஸ்ஸின் முக்கோணக் குறி, 22K916 என்ற சுத்தம், ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த ஹெச்யுஐடி குறியீடு. செயினில் கொக்கிப் பக்கமும் வளையலில் உள்பக்கமும் பொடியாக அடித்திருக்கும். பூதக்கண்ணாடி மேசையிலேயே வைத்திருக்கிறோம், கேட்டு வாங்கிப் பாருங்கள். போனில் BIS Care ஆப் இருந்தால் Verify HUID என்ற இடத்தில் அந்த ஆறையும் அடியுங்கள். என்ன நகை, என்ன சுத்தம், எங்கே முத்திரை அடித்தது என்பது வரும். வளையல் என்று இருக்க வேண்டிய இடத்தில் மோதிரம் என்று வந்தால் பணம் கட்டாதீர்கள்.

2 கிராமுக்குக் குறைந்த மூக்குத்தி, சின்னத் தோடு போன்றவற்றுக்கு முத்திரை கட்டாயமில்லை. எங்களிடம் அவற்றில் பலவற்றுக்கு முத்திரை கிடையாது. சுத்தத்தை அளக்கும் காரட் மீட்டரில் வைத்துக் காட்டிவிட்டு, காட்டிய அளவைப் பில்லில் எழுதுவோம்.

முத்திரையில் உள்ளதைவிடச் சுத்தம் குறைவாக இருந்தால், குறைந்த தங்கத்தின் மதிப்பைப் போல இரண்டு மடங்கும் பரிசோதனைச் செலவும் பிஐஎஸ் விதிப்படி உங்களுக்குச் சேர வேண்டியது.

சேதாரமும் செய்கூலியும்

இனி இரண்டும் சேர்ந்து ஒரே எண்தான். நகையோடு கட்டிய சீட்டிலேயே அந்த எண் இருக்கும், நீங்கள் கேட்க வேண்டியதில்லை. மெஷின் செயின் 8 சதம். வேலைப்பாடு இல்லாத வளையல், மோதிரம் 11 சதம். ஜிமிக்கி, கல் தோடு 14 சதம். ஆரம், நெக்லஸ் 16 சதம். கையால் செதுக்கிய கோயில் நகை 21 சதம். ஆசாரி ஒரு ஆரத்துக்கு ஒரு மாதம் உட்காருகிறார், அதனால் இதில் குறைக்க முடியவில்லை.

2 பவுன் மெஷின் செயின் ஒன்றுக்குக் கணக்கு போட்டுக் காட்டுகிறோம். புரிவதற்காகக் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாங்கும் நாளில் போர்டில் உள்ள விலைதான் விலை. 16 கிராமுக்கு 1,60,000. சேதாரம், செய்கூலி 8 சதம், 12,800. இரண்டும் சேர்ந்து 1,72,800. இதன்மேல் ஜிஎஸ்டி 3 சதம், 5,184. முத்திரைக் கட்டணம் உருப்படிக்கு 45 ரூபாய், அதற்கு வரியோடு 53 ரூபாய் 10 காசு. மொத்தம் 1,78,037 ரூபாய் 10 காசு. வேறு எந்தப் பெயரிலும் பணம் வாங்க மாட்டோம்.

கல் வைத்த நகையில் கல்லின் எடைக்குத் தங்க விலை போடுவதில்லை. சிவப்புக்கல் ஜிமிக்கி ஒரு ஜோடி தராசில் 10.400 கிராம் காட்டும், கல் 0.850 கிராம். தங்கம் 9.550 கிராம்தான், அதற்குத்தான் விலையும் சேதாரமும். கல்லுக்கு எவ்வளவு என்று பில்லில் தனி வரியில் இருக்கும்.

திரும்ப எடுப்பது

வாங்கிய 7 நாளுக்குள் அளவு மாற்றாத, அறுக்காத நகையைப் பில்லோடு கொண்டுவந்தால், வேறு நகை எடுக்கும்போது பழைய சேதாரத்தையும் முழுதாகக் கழித்துக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகு எத்தனை வருஷம் ஆனாலும், எங்கள் நகைக்கு மாற்று நகை எடுத்தால் அன்றைய போர்டு விலையில் தங்கத்தின் முழு எடைக்கும் மதிப்பு. எடை என்பது கொண்டுவரும் அன்று தராசு காட்டுவது, போட்டுத் தேய்ந்தது போக மிச்சம். பணமாகக் கேட்டால் 2 சதம் குறைத்துக் கொடுப்போம். 10,000 ரூபாய்க்கு மேல் போனால் வங்கிக் கணக்கில்தான் போடுவோம். நீங்கள் கொடுத்த சேதாரம், ஜிஎஸ்டி, முத்திரைக் கட்டணம், கல் விலை எதுவும் திரும்ப வராது. ‘100% மதிப்பு’ என்று முன்பு போட்டபோது இதைச் சொல்லாமல் விட்டது எங்கள் தப்பு.

வேறு கடை நகையும், பாட்டி காலத்து நகையும் உருக்கித்தான் எடுப்போம். முதலில் காரட் மீட்டரில் வைத்து ஒரு கணக்கு சொல்வோம். பிடிக்கவில்லை என்றால் அப்படியே எடுத்துப் போகலாம். உருக்கிவிட்டால் நகை நகையாகத் திரும்பாது, அதனால் வீட்டில் பேசிவிட்டு வாருங்கள். போன மாதம் ஒருவர் கொண்டுவந்த 12 கிராம் குழல் வளையலில் உள்ளே அரக்கு இருந்தது. உருக்கியதும் 11.760 கிராம், சுத்தம் 88.4. 916 கணக்கில் அது 11.349 கிராம். அந்த எடைக்குத்தான் பணம் கொடுத்தோம். உருக்குவதை அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று பார்க்கலாம். அதன்பிறகும் விலை ஒத்துவராவிட்டால் கட்டியை வாங்கிக்கொள்ளலாம், உருக்கியதற்குக் கூலி கேட்க மாட்டோம்.

ஆடி 18 அன்று காலை 8 மணிக்குக் கடை திறந்திருக்கும். கொடிவேரிக்குப் போய்விட்டு வருகிறவர்களுக்காக இரவு 9 மணி வரை இருப்போம். அன்றைக்கு ஒரு சலுகை: 8 கிராமுக்கு மேற்பட்ட ஆரத்துக்கும் நெக்லஸுக்கும் 16 சதம் 13 ஆகும். மற்ற நகைகளுக்கு மேலே எழுதிய எண்களேதான். மகள் கல்யாணத்துக்கு ஆரம் பார்க்க வந்த அந்த அம்மா இதைப் படித்தால், இந்த நோட்டீஸையே கொண்டுவாங்க. பில்லுக்குப் பக்கத்தில் வைத்து வரி வரியாகச் சரிபார்த்துக்கொள்ளலாம்.