அப்பாவின் போனில் பணம்

அன்புள்ள அப்பா,

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்ததும், போனிலேயே பணம் அனுப்ப உதவும் பீம் ஆப்பை பிளே ஸ்டோரிலிருந்தே இறக்கச் சொல்லுங்கள். யாராவது அனுப்பும் லிங்க் வேண்டாம். பேங்க்கில் கொடுத்த நம்பரின் சிம் அந்தப் போனிலேயே இருக்கட்டும். ரகசிய பின் நம்பரை நீங்களே போடுங்கள். பிறந்த வருடம் வேண்டாம், தம்பிக்கும் சொல்ல வேண்டாம்.

முக்கியமானது இதுதான்ப்பா: நமக்குப் பணம் வர வேண்டுமானால், அந்த ரகசிய பின் நம்பர் தேவையே இல்லை. "நெல்லுப் பணம் அனுப்புறேன், பின் போடுங்க ஐயா" என்று யார் சொன்னாலும் போனை வைத்துவிடுங்கள். எதிராளி மனம் நோகுமே என்று பார்ப்பீர்கள், எனக்குத் தெரியும். பார்க்காதீர்கள்.

பென்ஷன் கணக்கைச் சேர்க்காதீர்கள், சின்னக் கணக்கு போதும். கடையில் ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயரைப் படித்துவிட்டே அனுப்புங்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள், அப்புறம் எனக்கு.

முதலில் எனக்கு 1 ரூபாய் அனுப்பிப் பாருங்கள்.

அன்புடன்,
செல்வி